நேரத்துக்கு முன்னால் நிற்கும் எமோஜிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தமிழ்ப் பாட்காஸ்ட் தொடங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மைக், ஒலிப்பதிவு பற்றிச் சொன்னவை எல்லாம் பயனுள்ளவை. ஆனால் ‘விவரக்குறிப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் தாராளமாக எமோஜி போடுங்கள், கண்ணைக் கவரும்’ என்ற ஒரு வரியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. தோழியும் நானும் மாடித் தோட்டம் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். அதையே படங்களோடு யூடியூபிலும் ஏற்றுகிறோம். விவரக்குறிப்பு எழுதுவது என் வேலை. கட்டுரை சொன்னதைத்தான் நானும் பல மாதங்கள் செய்தேன்.

எங்களுடைய 48 நிமிட நிகழ்ச்சி ஒன்றின் முதல் இரண்டு வரிகள் இப்படி இருந்தன:

```
🎙️🌿 00:00 🌱✨ அறிமுகம் ✨🌱
👉🔥 03:40 🪴🪣 மண் கலவை 🔥
```

இப்படி ஏழு வரிகள். மொத்தம் 34 எமோஜி. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. என் பெரியப்பாவுக்குப் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. போனில் எதைத் தொட்டாலும் வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை வைத்துத்தான் எல்லாம் கேட்கிறார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, நீ மண் கலவை பத்திப் பேசுற இடம் எங்கேன்னு தேடுறேன். இந்தப் போன் நேரத்தைச் சொல்றதுக்கு முன்னாடி என்னென்னமோ சொல்லுது” என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். இரண்டாவது வரி இப்படி ஒலித்தது: ‘பேக்ஹேண்ட் இண்டெக்ஸ் பாயிண்டிங் ரைட், ஃபயர், 03:40, பாட்டட் பிளாண்ட், பக்கெட், மண் கலவை, ஃபயர்.’ அவருக்கு வேண்டியது ஒரு நேரமும் இரண்டு சொல்லும் மட்டுமே. ஏழு வரிகளையும் கேட்டு முடிப்பதற்குள் எந்த நேரம் எந்தப் பகுதிக்கு என்பது அவருக்கு மறந்துபோனது.

இதில் போன் மீது தவறு இல்லை. ஒவ்வொரு எமோஜிக்கும் யூனிகோட் கூட்டமைப்பு ஒரு பெயர் வைத்திருக்கிறது. திரையை வாசிக்கும் செயலி அந்தப் பெயரைத்தான் சொல்லும். அந்தப் பெயர்களுக்குத் தமிழாக்கமும் உண்டு. ஆனால் தமிழில் சொன்னாலும் சுமை ஒன்றுதான்: வலப்பக்கம் காட்டும் விரல், நெருப்பு, தொட்டிச் செடி, வாளி என்று வரிசையாக வரும். பார்க்கிறவர் கண்ணுக்கு 👉 ஒரு நொடிகூட ஆகாது. கேட்கிறவருக்கோ அது மூன்று, நான்கு சொல். அம்புக்குறியாக நினைத்து நாம் போடும் விரல், அவருக்கு வேண்டிய நேரத்தைப் பின்னால் தள்ளுகிறது.

அப்புறம் என் அம்மாவின் பழைய போனில் அதே குறிப்பைத் திறந்து பார்த்தேன். தொட்டிச் செடியும் வாளியும் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அந்த இரண்டும் 2020-இல்தான் எமோஜிப் பட்டியலில் சேர்ந்தவை. அதற்கு முந்தைய மென்பொருளோடு புதுப்பிக்காமல் நின்றுபோன போன்களில் அவற்றுக்கு உருவம் இருக்காது. விவசாயி எமோஜி 🧑‍🌾 இன்னொரு விதத்தில் ஏமாற்றுகிறது. அது தனிப் படம் இல்லை. ஓர் ஆளையும் நெற்கதிரையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுக்குறியால் இணைத்தது. அந்த இணைப்பை அறியாத போனில் ஆள் தனியாகவும் கதிர் தனியாகவும் பிரிந்து நிற்கும். எழுதுகிறவர் தன் புதுப் போனில் மட்டும் பார்ப்பதால் இது எதுவும் அவருக்குத் தெரியவராது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அத்தியாயக் குறி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். யூடியூபில் 2020 முதல், விவரக்குறிப்பில் எழுதும் நேரங்களை வைத்தே காணொளியின் கீழ்க்கோடு பகுதி பகுதியாகப் பிரிகிறது. முதல் நேரம் 00:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் 10 விநாடியாவது நீள வேண்டும். கூகுள் தேடலில் காணொளியின் முக்கிய இடங்கள் தனித்தனியாகக் காட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு கூகுள் தரும் வழிகாட்டல் இன்னும் தெளிவாக இருக்கிறது: நேரமும் தலைப்பும் ஒரே வரியில் இருக்க வேண்டும், நேரம் முன்னால், தலைப்பு பின்னால், தலைப்பில் ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். ஆக, `14:05 🌱` என்று படத்தை மட்டும் போட்டு நிறுத்தினால் அந்த வழிகாட்டலின்படி அது தலைப்பே ஆகாது. நேரத்துக்கு முன்னால் நான் போட்ட மைக்கும் இலையும் விரலும் இந்த வரிசைக்கு நேர்மாறாக நின்றன.

தலைப்பு எங்கே தெரிகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். விவரக்குறிப்பில் ஒரு முழு வரி இடம் இருக்கிறது. ஆனால் காணொளி ஓடும்போது போன் திரையில் நேரத்துக்குப் பக்கத்தில் வரும் அத்தியாயத் தலைப்புக்குக் கிடைப்பது சிறிய இடம். நீளமாக இருந்தால் பின்பாதி வெட்டுப்படும். தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே நீளமானவை. ‘🪴🪣 மண் கலவை: தென்னை நார்…’ என்று தொடங்கினால், இரண்டு படங்கள் எடுத்துக்கொண்ட இடத்துக்கு ஈடாகத் ‘தொழு உரம்’ வெட்டுப்படும். தேடி வந்தவருக்கு வேண்டியது அந்தச் சொல்லாகவே இருக்கலாம்.

எழுத்தின் மொத்த அளவைப் பற்றியும் சிலர் கவலைப்படுவார்கள். யூடியூபின் நிரல் ஆவணத்தின்படி விவரக்குறிப்புக்கு 5000 பைட் எல்லை. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், அதோடு வரும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 3 பைட் போகிறது. ‘மாடித் தோட்டம்’ என்று எழுதினாலே 40 பைட். ஓர் எளிய எமோஜிக்கு 4 பைட்தான், மேலே சொன்ன விவசாயிக்கு 11. ஆகவே இடத்தைத் தின்பது எமோஜி என்று நான் சொல்லமாட்டேன். பத்திகளுக்கு நடுவே கோடு மாதிரி இருபது, முப்பது எமோஜிகளை வரிசையாக அடுக்குகிறவர்கள் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டையும் பெரியப்பாவின் போன் வாசிக்கும் என்பது வேறு விஷயம்.

சரி, எமோஜியே வேண்டாமா? அப்படியும் நான் நினைக்கவில்லை. அந்த நிகழ்ச்சியின் குறிப்பைத் திருத்தி எழுதியபோது நான் கடைசியில் வைத்துக்கொண்டது இது:

```
00:00 அறிமுகம்
03:40 மண் கலவை: தென்னை நார், தொழு உரம்
14:05 விதை ஊன்றும் ஆழம்
22:30 ❓ நேயர் கேள்வி: இலைச் சுருட்டல்
31:10 வேப்பெண்ணெய்க் கரைசல்
39:20 ❓ நேயர் கேள்வி: மாடியில் ஈரக்கசிவு
46:00 அடுத்த வாரம்
```

34 எமோஜி இருந்த இடத்தில் இப்போது இரண்டு. அந்த இரண்டுக்கும் வேலை இருக்கிறது. எங்கள் நேயர்களில் பலர் கேள்விப் பகுதியை மட்டும் கேட்க வருகிறவர்கள். ஏழு வரிகளில் இரண்டில் மட்டும் ஒரு சிவப்புக் குறி இருந்தால் கண் நேராக அங்கே போகும். எல்லா வரியிலும் படம் இருந்தபோது எந்த வரியும் தனித்துத் தெரியவில்லை. நெருப்பு எமோஜியை நான் முக்கியமான பகுதி என்ற பொருளில்தான் தொடங்கினேன். நான்கு வரிகளில் நெருப்பு ஏறிய பிறகு அதற்கு எந்தப் பொருளும் மிஞ்சவில்லை.

கேள்விக்குறியை வைத்த பிறகும் ‘நேயர் கேள்வி’ என்ற சொல்லை எடுக்கவில்லை. பெரியப்பாவின் போன் அந்தக் குறியை ஒரு சின்னப் பெயராகச் சொல்லிவிட்டு உடனே சொற்களுக்கு வந்துவிடுகிறது. பழைய போனில் குறி தெரியாமல் போனாலும் சொல் நிற்கும். குறியைத் திரையிலிருந்து அழித்துவிட்டுப் படித்தால் வரி முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பதே என் சோதனை. 🟢 எளிது, 🔴 கடினம் என்று வண்ண வட்டங்களை மட்டும் வைத்துப் பகுதி பிரிக்கும் பழக்கம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அவை இரண்டும் ஒரே மாதிரி வட்டங்கள். கேட்கிறவர்களுக்கோ ‘பச்சை வட்டம்’ என்பது எதையும் சொல்லாது.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்குப் படம் உதவும் என்று கட்டுரை சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குப் படம் வாரா வாரம் ஒரே பொருளில் வர வேண்டும். நான் ஒரு வாரம் 🌱-ஐ அறிமுகத்துக்குப் போட்டேன். அடுத்த வாரம் விதைக்கும், அதற்கடுத்த வாரம் உரத்துக்கும் போட்டிருக்கிறேன். அதை வைத்து யாரும் எதையும் கற்றுக்கொண்டிருக்க முடியாது. இப்போது ❓ என்றால் எங்கள் நிகழ்ச்சியில் நேயர் கேள்வி மட்டும்தான். வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை.

இதே குறிப்பைத்தான் பாட்காஸ்ட் செயலிகளுக்கும் அனுப்புகிறோம். அங்கே சிலவற்றில் நேரத்தைத் தொட்டால் அந்த இடத்துக்குப் போகலாம், சிலவற்றில் அது வெறும் எழுத்தாகவே நிற்கும். வெறும் எழுத்தாக நிற்கும் செயலியில் கேட்கிறவர் நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு தானே நகர்த்திப் போக வேண்டும். வரி தூய்மையாக இருக்க வேண்டிய தேவை அங்கேதான் அதிகம்.

வெளியிடும் முன் இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். யூடியூபில் ஏற்றியதும் கீழ்க்கோட்டில் இடைவெளிகள் விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கிறேன். விழவில்லை என்றால் ஏதோ ஒரு வரி விதியை மீறியிருக்கிறது. பெரும்பாலும் 00:00 விடுபட்டிருக்கும், அல்லது ஒரு நேரம் வரிசை மாறியிருக்கும். அடுத்து, என் போனின் அமைப்புகளில் டாக்பேக்கை இயக்கி, திரையைப் பார்க்காமல் குறிப்பைக் காதால் ஒருமுறை கேட்கிறேன். முதல்முறை செய்கிறவர்கள் அதை அணைக்கும் வழியையும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அது இயங்கும்போது ஒரு பொத்தானை அழுத்த இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை வாய்ஸ்ஓவர் செய்யும். ஏழு வரிகளைக் கேட்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

உங்கள் இதழும் வாரந்தோறும் ஒரு பாட்காஸ்ட் வெளியிடுகிறது. அதை நான் தவறாமல் கேட்கிறேன். அதன் விவரக்குறிப்பில் ஒவ்வொரு நேரத்துக்கும் முன்னால் ஒரு மைக்கும் ஒரு நட்சத்திரமும் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, வாசகர் கடிதங்களைப் படிக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு ✉️ வைத்தால், பெரியப்பாவும் நானும் முதலில் அங்கேதான் போவோம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்