லீவு நாளை விலக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்: எங்கள் வெயார்ஹவுஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

முதலாளி அண்ணைக்கும் ஒபிசில் இருந்து ரோட்டா போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

போன கிழமை நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டிய தாளைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஒருவருக்கும் கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் சராசரி வரவில்லை, எல்லாம் சட்டத்துக்குள்தான் இருக்கிறது என்று மேலே எழுதி, கீழே ஆளாளுக்கு ஒரு எண்ணும் போட்டிருந்தீர்கள். கேட்டால் "கணக்கு சரியாத்தான் இருக்கு, போய் வேலையைப் பாருங்கோ" என்று பதில். கணக்கு சரியில்லை அண்ணை. எங்கே பிழை என்று இதில் சொல்கிறேன், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். யாருடைய பெயரும் இதில் இல்லை, வெயார்ஹவுஸின் பெயரும் இல்லை, உங்களுக்கு ஆளைத் தெரியும்.

17 கிழமைச் சராசரி என்பது எங்களுக்கும் விளங்குகிறது. பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டு வேலை நேர ஒழுங்குவிதிகள் ஒவ்வொரு கிழமையையும் தனியாக எடுத்து 48 தாண்டியதா என்று பார்ப்பதில்லை, பொதுவாக 17 கிழமையைச் சேர்த்துத்தான் பார்க்கின்றன. கொண்டெய்னர் இரண்டு ஒன்றாக வந்து நிற்கிற கிழமையில் 60 மணித்தியாலம் நின்றுவிட்டு, பிறகு வேலை குறைந்த கிழமையில் 35 செய்தால் அதில் குற்றம் இல்லை. அதற்கு நாங்கள் ஒருநாளும் முறுமுறுத்தது இல்லை.

ஆனால் பக்கிங்கில் நிற்கிற அக்காவின் பெயருக்கு நேரே 42.8 என்று போட்டிருக்கிறீர்களே, அது எப்படி வந்தது? அவ தன்னுடைய தாளைக் கேட்டு வாங்கி என்னிடம் காட்டினா. ஜூலைக் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிகிற, கிழமைக்கு ஒன்றாக 17 பெட்டிகள். 14 பெட்டியில் 52, 52 என்று சாப்பாட்டு நேரம் கழித்த வேலை மணித்தியாலம். நடுவில் மூன்று பெட்டியில் 0. மொத்தம் 728, அதை 17ஆல் பிரித்து 42.8.

அந்த மூன்று பூச்சியமும் என்ன தெரியுமா? அவவின் அம்மா யாழ்ப்பாணத்தில் செத்துப்போய், செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்காமல், அந்தியேட்டிக்காவது போகவேண்டும் என்று தன்னுடைய சம்பள லீவில் எடுத்துக்கொண்டு போன மூன்று கிழமை. இங்கே அழக்கூட நேரம் இல்லாமல் அரிசி மூட்டைக்கு லேபல் ஒட்டிக்கொண்டு நின்ற மனுசி, ஊரில் போய்க் கீரிமலையில் அந்தியேட்டி முடித்துவிட்டுத் திரும்பி வந்து இறங்கிய அடுத்தநாள் காலைச் சிப்டுக்கு நின்றா. அந்த நாட்களை எடுத்து, அவ இங்கே குறைவாக வேலை செய்தமாதிரிக் கணக்குக் காட்டியிருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, எனக்குத் தெரியாது. பார்த்தபோது கை நடுங்கியது.

சட்டம் இதைச் செய்யவிடவில்லை. சட்டப்படியான வருட லீவு, வருத்தத்துக்கு எடுத்த லீவு, பிரசவ லீவு எல்லாம் சராசரியில் விலக்கப்பட்ட நாட்கள். விலக்கிவிட்டுச் சும்மா விடுவதும் இல்லை: எத்தனை வேலை நாள் விலக்கினோமோ அத்தனை வேலை நாளை, அந்த 17 கிழமை முடிந்த உடனே வருகிற நாட்களில் இருந்து எடுத்து, அந்த நாட்களில் செய்த வேலையைக் கூட்டவேண்டும். பிறகுதான் 17ஆல் பிரிப்பது. அக்காவுக்கு மூன்று கிழமை வேலை நாட்கள் விலகும். நவம்பர் நடுவுக்குப் பிறகு வந்த மூன்று கிழமையும் கிறிஸ்மஸ் ஓடர், அவ கிழமைக்கு 56 செய்தா, ஆக 168. 728உம் 168உம் 896. 17ஆல் பிரித்தால் 52.7. உங்கள் தாளில் 42.8, உண்மையில் 52.7. லீவு நாளை விலக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. "நவம்பரோடு அந்தக் கணக்கு மூடியாச்சு, இனிப் புதுக் கணக்கு" என்றும் ஒபிசில் சொன்னார்கள். அப்படி மூடுவதற்கு எங்களோடு எழுத்தில் ஒரு உடன்பாடு இருக்கவேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை, வேறெங்காவது இருந்தால் காட்டுங்கள். உடன்பாடு இல்லையென்றால் எந்த 17 கிழமையை எடுத்துப் பார்த்தாலும் 48க்குள் நிற்கவேண்டும். ஏன் இது பெரிய விஷயம் என்றால், முதல் 17இல் 9 கிழமை 40உம் கடைசி 8 கிழமை 56உம் செய்தால் சராசரி 47.5. அடுத்த 17இல் முதல் 8 கிழமை 56உம் மிச்சம் 9 கிழமை 40உம் செய்தால் அதுவும் 47.5. இரண்டு தாளும் சுத்தம். ஆனால் நடுவில் அந்த மனுசன் 16 கிழமை தொடர்ந்து 56 மணித்தியாலம் நின்றிருக்கிறான், அந்த இடத்தில் 17 கிழமையை வெட்டி எடுத்தால் 55 வருகிறது. 2019இல் பிரெஞ்சுப் பொலிஸ் அதிகாரிகளின் சங்கம் ஒன்று கொண்டுபோன வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதே ஓட்டையைப் பற்றித்தான் பேசியது: காலத்தை நிலையான திகதிகளில் துண்டு துண்டாக வெட்டலாம், ஆனால் இரண்டு துண்டைத் தாண்டி விழுகிற காலத்திலும் சராசரி மீறாமல் இருக்க வழி இருக்கவேண்டும் என்றது.

ஒப்ட் அவுட் கடிதத்தைக் காட்டுவீர்கள் என்றும் தெரியும். சேர்ந்த அன்றே பாஸ்போர்ட் கொப்பியோடு நீட்டியதில் சிலர் வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறார்கள், அது இருக்கும்வரை அவர்களுக்கு 48 என்ற எல்லை இல்லை. அக்கா வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. வைத்தவர்களும் எழுதிக்கொடுத்து விலகலாம், கடிதத்தில் வேறு காலம் போடாவிட்டால் 7 நாள் போதும், போட்டிருந்தாலும் 3 மாதத்துக்கு மேல் போகமுடியாது. விலகினால் சிப்டைக் குறைப்போம் என்று சூப்பர்வைசர் வெருட்டுகிறார், 48க்குக் கீழேயும் வெட்டித் தண்டிக்க அவருக்கு உரிமை இல்லை.

எங்கட ஆட்களுடைய வேலைத்தலம், எல்லாரும் ஒரு குடும்பம் என்று தேர்த்திருவிழாவில் அன்னதானம் கொடுக்கும்போது மைக்கில் சொல்கிறீர்கள். வெள்ளைக்காரனிடம் வேலை செய்தால் யூனியனுக்குப் போயிருப்போம், உங்களிடம் என்றபடியால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். விசா, பாஷை, ஊருக்கு அனுப்பவேண்டிய காசு, எல்லாம் தெரிந்த ஆள் நீங்கள். நீங்களும் மூட்டை தூக்கித்தான் இந்த இடத்துக்கு வந்தீர்கள். அந்தப் பயத்தை உங்களைவிட யாருக்குத் தெரியும்? அதை வைத்துக்கொண்டா எங்களிடம் வேலை வாங்குவது?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மரியாதையாகவே கேட்கிறேன். நோட்டீஸ் போர்டில் உள்ள தாளைக் கழற்றுங்கள். லீவு நாளை விலக்கிவிட்டு, பிறகு வந்த நாட்களைச் சேர்த்து, ஆளாளுக்குக் கணக்கைத் திரும்பப் போட்டு அவரவர் கையில் கொடுங்கள். எல்லை மீறவில்லை என்று காட்டும் பதிவுகளை 2 வருடம் வைத்திருப்பது உங்கள் கடமை, ஆகவே தேடுவது கஷ்டம் இல்லை. 48 தாண்டியவர்களுக்கு அடுத்த ரோட்டாவில் மணித்தியாலத்தைக் குறையுங்கள், அக்காவுக்கு முதலில். ஞாயிற்றுக்கிழமை நானும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் பே ஸ்லிப்புகளோடு ஒபிசுக்கு வந்து உங்களோடு இருந்து கணக்குப் பார்க்கத் தயார். அடுத்த ரோட்டா வருமுன் பதில் இல்லையென்றால் கவுன்சிலுக்கு எழுதுவோம், அதற்கான கடிதமும் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
இரவுச் சிப்டில் நிற்கும் ஒருவன்