முதலாம் ஆண்டு பொறியியல் மாணவர்களின் பெற்றோருக்கு, ஆய்வகத்தில் பாடம் எடுப்பவரின் மடல்

வணக்கம். "சார், டேப்லெட் போதுமா, லேப்டாப்தான் வேணுமா?" என்று ஒவ்வொரு ஆண்டும் சேர்க்கை முடிந்ததும் கேட்கிறீர்கள். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் லேப்டாப். ஏன் என்று சொல்கிறேன், டேப்லெட் மட்டமான பொருள் என்பதால் அல்ல.

கணக்குப் பாடத்துக்கு டேப்லெட் அருமை. பாதித் திரையில் பாடநூல் பிடிஎஃப், மறுபாதியில் பேனாவால் தொகையிடல் கணக்கு போடலாம், தப்பு வந்தால் அந்த வரியை மட்டும் அழித்துக்கொள்ளலாம், ஆசிரியர் அனுப்பிய ஸ்லைடின் மேலேயே குறிப்பும் எழுதலாம். இதை லேப்டாப்பில் டச்பேடை வைத்துக்கொண்டு செய்யவே முடியாது. ஆனால் ஒரு நீளநோட்டில் செய்யலாம், எழுதியதை போனில் ஸ்கேன் செய்து அனுப்பியும் விடலாம். டேப்லெட்டால் முடியாததை எந்த நோட்டும் ஈடுகட்டாது, விஷயமே அதுதான்.

பைத்தான் ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் கோப்பு ஒன்றைப் படித்துச் சராசரி காணும் சின்ன நிரல்தான். டேப்லெட்டில் இருப்பவர்கள் பிரவுசரில் கூகுள் கோலாபைத் திறந்து செய்கிறார்கள், அன்றைக்கு ஓடவும் செய்யும். மறுநாள் திறந்தால் இது வருகிறது:

```
FileNotFoundError: [Errno 2] No such file or directory: 'marks.csv'
```

நிரலில் பிழை இல்லை. கோலாபில் நேரடியாக ஏற்றிய கோப்பு அந்த அமர்வு முடிந்ததும் போய்விடும், மறுபடி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கோப்பை கூகுள் டிரைவில் வைத்து அதை இணைக்க வேண்டும். புதிதாகக் கற்கும் பிள்ளையோ தன் நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த வரிகளையும் மாற்றிக் கெடுத்துக்கொள்கிறது. லேப்டாப்பில் நிரலும் கோப்பும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். கோப்பு எங்கே இருக்கிறது, நிரல் அதை எங்கே தேடுகிறது என்பதும் பிடிபடும், அதுவே பாதிப் பாடம்.

மெக்கானிக்கல் என்றால் இன்னும் கறார். இயந்திர பாகங்களை 3டியில் வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளை விண்டோஸில்தான் நிறுவ முடியும், வரைபடம் போடும் ஆட்டோகேடின் முழு வடிவத்துக்கும் விண்டோஸ் அல்லது மேக் வேண்டும். பிரவுசரில் வரும் ஆட்டோகேட் எளிய 2டி படத்தோடு சரி.

சட்டம், வரலாறு, இலக்கியம் படிக்கும் பிள்ளைக்கு இதே கேள்வி வந்தால் என் பதில் மாறும். அங்கே வாசிப்பும் குறிப்பெடுப்பும்தான் பெரும்பாலான வேலை, கீபோர்டு சேர்த்த டேப்லெட்டே போதும். அப்படி வாங்கும்போது உள்ளங்கையைத் திரையில் முழுதாக ஊன்றிக்கொண்டு கடையிலேயே நாலு வரி எழுதிப் பாருங்கள். கை பட்ட இடத்தில் கோடு விழுந்தால் அந்தப் பேனா குறிப்பெடுக்க உதவாது, ரப்பர் முனைப் பேனா பெரும்பாலும் இந்த ரகம்தான்.

லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் முதல் ஆண்டுக்குப் போதும், ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்று மட்டும் கேளுங்கள். கடைக்குப் போகும் முன் துறையில் பயன்படுத்தும் மென்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் நாங்கள் தருவோம்.