லீஸ் திட்டத்தைச் சிபாரிசு செய்யும் முன்: நம் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளுக்கு விஎம்சி மெஷினை லீஸில் தரும் திட்டம் ஒன்றை உறுப்பினர்களுக்குச் சிபாரிசு செய்யலாமா என்று நீங்கள் யோசித்து வருவதாக அறிந்தேன். உறுப்பினர்களுக்கு வந்திருக்கும் தாளையும் பார்த்தேன். 30 லட்ச ரூபாய் மெஷின், ஐந்து வருட லீஸ், மாத வாடகை 56,000 ரூபாய். அதே மெஷினுக்கு 10 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 63,740 ரூபாய். "லீஸில் மொத்தம் 33.6 லட்சம், கடனில் 38.2 லட்சம். வாடகை முழுவதும் செலவாகக் கழியும்." தாள் சொல்வது இவ்வளவுதான்.

இந்த ஒப்பீடு தவறானது. ஏன் என்பதை முழுக் கணக்கோடு சொல்லிவிடுகிறேன். சிபாரிசு செய்வதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதல் கோளாறு, இன்று தரும் ரூபாயையும் ஐந்தாம் வருடம் தரும் ரூபாயையும் ஒன்றாகக் கூட்டியிருப்பது. இரண்டாவது, வாடகையால் மிச்சமாகும் வரியை எடுத்துச் சொல்லிவிட்டு, சொந்த மெஷினின் தேய்மானத்தால் மிச்சமாகும் வரியை விட்டுவிட்டது. மூன்றாவதுதான் பெரியது. ஐந்து வருடம் கழித்து லீஸ் மெஷின் திரும்பிப் போய்விடும், வாங்கிய மெஷின் நம் பட்டறையில் நிற்கும். அதற்கு ஒரு விலை உண்டு.

நம் உறுப்பினர்களில் பலரும் பங்குதாரர் நிறுவனமாக நடத்துபவர்கள் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். வரி 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. வட்டியும் செலவாகக் கழிவதால், 10 சதவீதக் கடனின் உண்மையான பாரம் வரிக்குப் பின் 6.88 சதவீதம்தான். வருங்காலத் தொகைகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர இந்த விகிதத்தையே பயன்படுத்த வேண்டும். லீஸ் வாடகையும் கடன் தவணை போலக் கட்டியே தீர வேண்டிய கடமை. அதனால் இரண்டையும் கடன் விகிதத்தில்தான் அளக்க வேண்டும்.

லீஸ் கணக்கு சுலபம். வருட வாடகை 6.72 லட்சம்; வரிச் சேமிப்பு போகக் கையிலிருந்து போவது 4.62 லட்சம். ஐந்து வருடத்தையும் 6.88 சதவீதத்தில் இன்றைய மதிப்பாக்கினால் 19.02 லட்சம். வாடகையை வருடக் கடைசியில் ஒரே தொகையாகக் கட்டுவதாக வைத்துக்கொண்டேன். மாதாமாதம் கட்டுவதாகப் போட்டால் லீஸ் செலவு இன்னும் சற்றுக் கூடும்.

இனி வாங்கும் கணக்கு. இன்றைக்கு 30 லட்சம் போகிறது. உற்பத்தி செய்யும் நிறுவனம் புது மெஷினை 180 நாளாவது ஓட்டினால் முதல் வருடம் வழக்கமான 15 சதவீதத்தோடு கூடுதல் தேய்மானம் 20 சதவீதமும் கிடைக்கும். ஆக 10.5 லட்சம் கழியும், வரியில் 3.28 லட்சம் மிச்சம். அடுத்த வருடத்திலிருந்து மீதியின் மேல் 15 சதவீதம்: 2.93 லட்சம், 2.49, 2.11, 1.80. ஐந்து வருட வரிச் சேமிப்பின் இன்றைய மதிப்பு 5.41 லட்சம். (அந்தக் கூடுதல் 20 சதவீதம் லீஸ் நிறுவனத்துக்குக் கிடைக்காது, ஏனென்றால் அது உற்பத்தி செய்வதில்லை. லீஸில் போனால் அந்தச் சலுகை இரு தரப்புக்குமே இல்லாமல் போகிறது.)

ஐந்தாம் வருடக் கடைசியில் மெஷின் 10 லட்சத்துக்குப் போகும் என்று வைப்போம். கணக்குப் புத்தகத்தில் அப்போது மீதி 10.18 லட்சம் இருப்பதால் விற்பனையில் வரி வராது. அந்த 10 லட்சத்தின் இன்றைய மதிப்பு 7.17 லட்சம். 30-இலிருந்து 5.41-ஐயும் 7.17-ஐயும் கழித்தால் வாங்குவதன் உண்மைச் செலவு 17.42 லட்சம்.

தாளில் 4.6 லட்சம் மலிவாகத் தெரிந்த லீஸ், இந்தக் கணக்கில் 1.6 லட்சம் கூடுதல். வாடகை மாதம் 51,300 ரூபாய்க்கு இறங்கினால்தான் இரண்டும் சமம்.

கடனுக்கான வட்டியை நான் ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். 6.88 சதவீதத்தில் கழிக்கும்போதே வட்டி உள்ளே வந்துவிட்டது. வட்டியைத் தனியாகவும் கூட்டி, அதற்கு மேல் இன்றைய மதிப்புக்கும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகும். நன்றாகக் கணக்குப் பார்ப்பவர்கள் போட்ட ஒப்பீடுகளிலும் இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன். அது எப்போதும் லீஸுக்குச் சாதகமாகவே முடியும்.

ஆனாலும் லீஸ் எப்போதும் நஷ்டம் என்று நான் சொல்ல வரவில்லை. மேலே உள்ள கணக்கில் வரி விகிதமும் தேய்மானமும் சட்டத்தில் உள்ளவை, வாடகை ஒப்பந்தத்தில் உள்ளது. ஊகம் என்பது அந்த 10 லட்சம் ஒன்றுதான், முடிவே அதன் மேல்தான் நிற்கிறது. அதே மெஷின் 6 லட்சத்துக்குத்தான் போகும் என்றால், புத்தகத்தில் தங்கும் மீதிக்கு வரும் தேய்மானத்தையும் சேர்த்துக்கொண்ட பிறகும் வாங்கும் செலவு ஏறக்குறைய 19.7 லட்சமாகிறது. அப்போது லீஸ்தான் மலிவு. மாறும் இடம் சுமார் 7 லட்சம். மூன்று ஷிப்ட் ஓடிய மெஷினா, ஸ்பிண்டில் எந்த நிலையில் இருக்கிறது, கன்ட்ரோலருக்கு உதிரி பாகம் இன்னும் கிடைக்குமா என்பதை வைத்தே பழைய மெஷினின் விலை பேசப்படுகிறது. ஐந்து வருடம் ஓடிய விஎம்சி இன்று என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதைப் பழைய மெஷின் வியாபாரிகளிடம் கேட்டு, சங்கமே உறுப்பினர்களுக்குச் சொல்லலாம். தனி ஆளாக ஒரு பட்டறைக்காரர் கேட்டால் கிடைக்காத தகவல் அது.

பராமரிப்பு யார் தலையில் என்பதும் தாளில் இல்லை. லீஸ் நிறுவனம் ஏற்றுக்கொள்ளுமானால் கணக்கு மாறும். வருடம் 60,000 ரூபாய் பராமரிப்பு ஒப்பந்தம், வரிக்குப் பின் ஐந்து வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 1.7 லட்சம், அதுவே லீஸை முந்த வைத்துவிடும். பராமரிப்பு நம்முடையது, மூன்று மாத வாடகை வட்டியில்லா முன்பணமாகவும் வேண்டும் என்றால், அந்த 1.68 லட்சம் ஐந்து வருடம் முடங்குவதில் மட்டும் இன்னும் 48,000 ரூபாய் லீஸ் செலவில் ஏறும்.

ஆகவே சிபாரிசுக்கு முன் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: பராமரிப்பும் காப்பீடும் யாருடையது, முன்பணம் எவ்வளவு, ஆர்டர் குறைந்து இரண்டாம் வருடமே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கட்ட வேண்டும், ஐந்து வருடம் முடிந்து மெஷினை நாமே வாங்க விரும்பினால் என்ன விலை.

உத்தேச வரித் திட்டத்தில், விற்றுமுதலில் சட்டம் சொல்லும் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டும் சிறிய உறுப்பினர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். "வாடகை முழுவதும் செலவாகக் கழியும்" என்ற வரி அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்தத் திட்டத்தில் வாடகையும் தனியாகக் கழியாது, தேய்மானமும் கழியாது. அவர்கள் வரியைத் தொடாமல் 10 சதவீதத்திலேயே கழித்துப் பார்க்க வேண்டும். இதே மெஷினுக்கு லீஸ் 25.47 லட்சம், வாங்கினால் 23.79 லட்சம். சுற்றறிக்கை அனுப்புவதாக இருந்தால், இவர்களுக்கான கணக்கைத் தனித் தாளில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பட்டறைகளுக்குக் கணக்கு எழுதும் உறுப்பினர் ஒருவர்