மாத்திரையை ஒரு நாள் விட்டால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் வாசகர் ஒருவர், விசேஷ நாட்களில் மட்டும் குடிக்கலாமா என்று கேட்டிருந்தார். 'மாத்திரை எடுக்கும் காலத்தில் மதுவைத் தவிர்க்கவும்' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. பதில் சரிதான். ஆனால் 'மாத்திரை எடுக்கும் காலம்' என்பதைப் பலரும் 'மாத்திரை போடுகிற நாள்' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பொள்ளாச்சியில் மருந்துக் கடையில் 22 வருடமாக நிற்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். என் வீட்டிலேயே அப்படித்தான் நடந்தது.

என் அண்ணன் இளநீர் லோடு வண்டி ஓட்டுகிறார். இரண்டு வருடங்களுக்கு முன் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனபோது டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல பிள்ளையாகத் தினமும் இரவு பத்து மணிக்குப் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை மட்டும் அட்டையை எடுக்க மாட்டார். "இன்னிக்கு மாத்திரை போடலம்மா, அதனால ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு ஒரு குவாட்டர் வாங்கி வருவார். ஒரு ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு வண்டியை எடுத்தவர், ஊர் எல்லை தாண்டுவதற்குள் கண் செருகி ரோட்டோரத் தென்னையில் உரசி நின்றார். உயிருக்கு ஒன்றுமில்லை. பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் போயிற்று.

அன்று மத்தியானம்தான் அவர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வேறு கடையில் வாங்கியது. பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு மருந்துகளின் பெயர் இருந்தது: எஸ்சிட்டலோபிராம், குளோனாசெபாம். முதலாவதுதான் மனச்சோர்வுக்கான மருந்து. இரண்டாவது பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் மருந்து. நம் ஊரில் இந்த இரண்டும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். சாப்பிடுகிறவருக்குத் தனக்குள் ஒரு தூக்க மருந்தும் போகிறது என்பதே தெரிவதில்லை.

கணக்கைச் சொல்கிறேன். 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயம் என்றால், ஏறத்தாழ 60 கிராம். ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கழிக்கும். இரவு பத்து மணிக்குக் குடித்தது காலை ஆறு மணி வாக்கில்தான் தீரும். அண்ணன் வண்டியை எடுத்தது நாலரைக்கு. அடுத்தது மாத்திரை. குளோனாசெபாம் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். எஸ்சிட்டலோபிராமுக்கும் ஏறக்குறைய 30 மணி நேரம். சனிக்கிழமை மாத்திரையை விட்டாலும், அன்றிரவு டம்ளரைக் கையில் எடுக்கும்போது பழைய மருந்தில் பாதிக்கு மேல் உள்ளேதான் இருக்கிறது. மதுவும் குளோனாசெபாமும் மூளையில் ஒரே இடத்தை அழுத்துபவை. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடுகிறது, மூச்சும் மந்தமாகலாம். ஒரு வேளை விட்டதால் அண்ணனுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

இதைவிட என்னை வருத்தியது திங்கட்கிழமைகள்தான். குடித்த அன்று முதல் ஒரு மணி நேரம் மனசு லேசாகும். பிறகு மது இறங்க இறங்க, பதற்றமும் சோர்வும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். தூக்கமும் அப்படித்தான், படுத்ததும் வரும், மூன்று மணிக்கு முழிப்புத் தட்டும். வாரத்தில் ஒரு நாள் இந்தக் குழி, அதோடு ஒரு நாள் மருந்தும் இல்லை. வண்டி உரசுவதற்கு முன்பே 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்று அண்ணன் டாக்டரிடம் சொல்லியிருந்தார். குடிப்பதைச் சொல்லவில்லை. டாக்டர் எஸ்சிட்டலோபிராமை 10 மில்லிகிராமிலிருந்து 20 ஆக்கினார். அவர் வேறென்ன செய்வார்? அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தானே முடிவெடுக்க முடியும்.

எல்லா மாத்திரையும் மதுவோடு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதையும் உங்கள் பகுதியில் எழுத வேண்டும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை தனியாக வந்தால் தூக்கக் கலக்கம் குறைவுதான். ஆனால் அவை ரத்தம் உறைவதைச் சற்றுக் குறைக்கும். குடித்துவிட்டு மறுநாள் தலைவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும், மூன்றும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் காத்திருக்கக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது அமிட்ரிப்டிலின் பற்றித்தான். பழைய வகை மருந்து. இன்று அதைச் சாப்பிடுபவர்களில் பலருக்கு மனச்சோர்வே கிடையாது. சர்க்கரை நோயில் வரும் கால் எரிச்சலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் 10 அல்லது 25 மில்லிகிராம் எழுதுவார்கள். 'நரம்பு மாத்திரை' என்று சொல்லி வாங்கிப் போவார்கள். மதுவோடு சேர்ந்தால் தூக்கம் அமுக்கிவிடும், தொடங்கிய முதல் சில நாட்களில் இன்னும் மோசம். ரத்த அழுத்தமும் இறங்கும். வயதானவர்கள் இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து சுருண்டு விழுவது இப்படித்தான். அளவு மீறிவிட்டால் இதயத் துடிப்பையே குலைக்கும் மருந்து இது. குடிக்கிற வீட்டில் இதன் அட்டை வேறொருவர் கையில் இருப்பது நல்லது. மிர்ட்டாசபினும் தூக்கத்தில் இதே ரகம்.

டுலோக்செடின் சாப்பிடுபவர் நிறையக் குடித்தால் அடி ஈரலுக்கு. பியூப்ரோபியானில் வலிப்பு வரும் ஆபத்து உண்டு, அதுவும் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தும்போது அதிகம். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் தினக்குடிகாரர் குடியை வீட்டில் தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். டாக்டரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். மாத்திரையும் அப்படியே. சட்டென்று விட்டால் தலைசுற்றலும் மண்டைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வும் வரும்.

அண்ணன் அந்த வாரமே என்னோடு வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. குளோனாசெபாமைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். எஸ்சிட்டலோபிராம் பழையபடி 10-க்கே வந்தது. வாரம் ஒரு நாள் குடிப்பவர் என்பதால் மதுவை நிறுத்துவதில் உடம்புக்குச் சிரமமில்லை. இரண்டாவது மாதம் ஞாயிறு சந்தைக்கு அவரே என்னை வண்டியில் அழைத்துப் போனார்.

அந்த வாசகர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதவில்லை. உங்கள் மருத்துவரும் கேட்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் உள்ள பெயர்களை எழுதி அனுப்பச் சொல்லி, பதிலை மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
பொள்ளாச்சி.