கலாவுக்கு, மஞ்ச இலை விஷயமா

அன்புள்ள கலா,

நீ அனுப்பின போட்டோவ நேத்து ராத்திரி மூணு தடவ பெருசாக்கிப் பாத்துட்டேன். எப்சம் சால்ட் ஒரு கிலோ வாங்கி வச்சிட்டேன், ஞாயித்துக்கிழமை அடிக்கப் போறேன்னு எழுதியிருந்தியே, அந்தப் பாக்கெட்ட இப்பப் பிரிக்காதடி. என் காப்பிக்குக் கேட்டது உன் வீட்டு ஹைட்ரேஞ்சியாவுக்குக் கேக்காது. ரெண்டுமே நரம்பு பச்சையா இருந்து நடுவுல மஞ்சளாகுறதுதான், ஆனா எந்த இலையில வருதுங்கறது வேற. போன்ல சொன்னப்ப நான் அதச் சரியா சொல்லல, அதான் உக்காந்து எழுதறேன்.

இங்க எல்லாரும் நல்லாருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல, வத்தலக்குண்டு வரைக்கும் பஸ்ல தனியா போயிட்டு வந்துடறாங்க. சின்னவ பிளஸ் டூ. மிளகு இந்தத் தடவ கொஞ்சம் கம்மிதான், மலைவாழை பரவால்ல.

சரி, காப்பிக் கதையே முழுசா சொல்றேன். பண்ணைக்காட்டுப் பக்கம் எங்க கீழ்த்தோட்டம் உனக்குத் தெரியும்ல, ஓடைக்கு மேல இருக்கறது. போன வருஷம் ஆவணியில அங்க செடியெல்லாம் மஞ்ச அடிக்க ஆரம்பிச்சுது. மஞ்சன்னா தழைச்சத்துக் குறைவுன்னுதான நாம எல்லாரும் மொதல்ல நெனப்போம், நானும் அப்படியே நெனச்சு யூரியா வச்சேன். மூணு வாரத்துல நுனிக்கொழுந்து நல்லா தளதளன்னு வந்துச்சு, ஆனா உள்பக்கத்து மஞ்ச இன்னும் ஒரு ஜோடி இலை முன்னாடி ஏறிடுச்சு. ஒரே கிளையில நுனி பச்சையாவும் அடி மஞ்சளாவும் நிக்கறதப் பாத்தப்பதான் இது வேற ஏதோன்னு புரிஞ்சுது.

அன்னிக்கு ஒரு இலையப் பிச்சு வெயிலுக்கு நேரா புடிச்சுப் பாத்தேன். நடு நரம்பு நல்ல பச்சை, அதுலருந்து பிரியற பக்க நரம்பு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் பச்சைக் கரை மாதிரி ஓடுது, கரைக்கும் கரைக்கும் நடுவுல மட்டும் மஞ்ச. நடு நரம்புக்கு இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. புரட்டிப் பாத்தேன், ஆரஞ்சுப் பொடி எதுவும் ஒட்டல, அதனால துரு நோய் இல்ல. காய் கொத்துக்குப் பக்கத்துல இருக்கற இலையிலதான் ரொம்ப அதிகம், காயே இல்லாத கிளையில லேசாதான் இருந்துச்சு. அதப் பாத்ததும் எனக்கு மெக்னீசியம்னு தோணுச்சு.

ஏன்னு சொல்றேன். பச்சையத்தோட ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நடுவுல ஒரு மெக்னீசியம் இருக்கு. மண்ணுலருந்து பத்தலன்னா செடி சும்மா இருக்காது, வயசான இலையில இருக்கற பச்சையத்த ஒடைச்சு அந்த மெக்னீசியத்த எடுத்துக் காய்க்கும் கொழுந்துக்கும் அனுப்பிடும். அதனாலதான் மொதல்ல பழைய இலை அடிவாங்குது. நரம்ப ஒட்டி இருக்கற செல்லுல பச்சையம் கடைசி வரைக்கும் தாங்கும், நடுவுல இருக்கறது சீக்கிரம் போயிடும், அதான் அந்தப் பச்சைக் கரை. காய் முத்தற நேரத்துல காய் பக்கத்து இலைகிட்டருந்துதான் ஜாஸ்தி இழுக்கும். நான் யூரியா வச்சதும் புதுசா கொழுந்து கிளம்புச்சு பாரு, அதுக்கும் மெக்னீசியம் வேணுமே, அதையும் பழைய இலைதான் கொடுத்துச்சு. இல்லாத வீட்டுக்கு இன்னும் நாலு விருந்தாளியக் கூட்டிட்டு வந்த மாதிரி ஆச்சு.

தழைச்சத்துக் குறைவும் பழைய இலையிலதான் ஆரம்பிக்கும், அதான் கொழப்பமே. ஆனா அங்க இலையில இருக்கற புரோட்டீனையே ஒடைச்சு வெளிய அனுப்புது, அது நரம்பு, நடுன்னு பிரிச்செல்லாம் பாக்காது, முழு இலையும் ஒரே மாதிரி வெளுக்கும், நரம்பும் சேந்து வெளுக்கும். இதுக்கும் நம்ம தோட்டத்துலயே ஒரு இடம் இருந்துச்சு. மேல்பாத்தியில சில்வர் ஓக் மரம் அறுத்தப்ப கெடச்ச மரத்தூள வேஸ்ட் ஆக வேணாம்னு பச்சையாவே கொத்திப் பொதச்சிருந்தோம். அதச் செரிக்கற கிருமிங்க மண்ணுல இருந்த நைட்ரஜன அதுங்களே எடுத்துக்குச்சு, அந்த நாப்பது செடியும் அடியிலருந்து வெளுத்து, மேல கொழுந்து கூட வெளிர் பச்சையாதான் வந்துச்சு, இலையும் சின்னச் சின்னதா. அங்க யூரியாவும் மக்கின தொழு உரமும் போட்டோம், நல்லா வந்துடுச்சு. பாரு, ஒரே தோட்டத்துல அம்பது அடி தள்ளி ரெண்டு மஞ்ச, ஒண்ணுக்கு யூரியா மருந்து, இன்னொண்ணுக்கு அதே யூரியா கெடுதல்.

கீழ்த்தோட்டத்துல ஊகத்த நம்பாம சோதிச்சுப் பாத்தேன். ஒரே வயசு, ஒரே அளவு மஞ்ச இருக்கற ஆறு செடிக்கு ரிப்பன் கட்டினேன். மூணுக்கு மெக்னீசியம் இருக்கற எப்சம் சால்ட், பத்து லிட்டர் தண்ணிக்கு 100 கிராம், காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி இலைக்கு அடியிலயும் படற மாதிரி அடிச்சேன். மத்த மூணுக்கு யூரியா, அதுவும் அதே அளவு. பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவன்னு ரெண்டு தடவ. யூரியா அடிச்சது ஒட்டுமொத்தமா கொஞ்சம் கருப்பச்சை ஆச்சு, ஆனா நடுவுல இருந்த மஞ்சப் பட்டை அப்படியே நின்னுச்சு. எப்சம் அடிச்சதுல மஞ்ச அந்த ஜோடியிலயே நின்னு போச்சு, லேசா மஞ்சளா இருந்த இலை கரையிலருந்து உள்ள பாத்துப் பச்சை திரும்புச்சு. நடுவுல காஞ்சு பழுப்பாகிட்ட இலை மட்டும் திரும்பல, அது திரும்பவும் திரும்பாது, அதப் பாத்து மருந்து வேல செய்யலன்னு முடிவு கட்டக்கூடாது.

அப்புறம் மண்ணு டெஸ்ட் கொடுத்தேன். பிஎச் 4.8, மெக்னீசியம் கம்மி, சாம்பல்சத்து மட்டும் ரொம்ப அதிகம். அது ஏன் அதிகம்னா, அதுக்கு முந்தின வருஷம் காய் சின்னதா இருக்குன்னு உரக்கடையில சொன்னத நம்பி பொட்டாஷ ரெண்டு மடங்கு போட்டோம். பொட்டாஷும் மெக்னீசியமும் வேருல உள்ள போறதுக்குப் போட்டி போடும், ஒண்ணு ரொம்ப ஆச்சுன்னா இன்னொண்ணு மண்ணுல இருந்தாலும் உள்ள போகாது. நம்ம மலை மண்ணு வேற புளிப்பு மண்ணு, மழைக்கு மெக்னீசியம் கரைஞ்சு ஓடிட்டே இருக்கும், நாம போடற 17:17:17 கலப்பு உரத்துல அது இல்லவும் இல்ல. தெளிக்கறது அந்த வருஷத்துக்கு மட்டும்தான் தாங்கும்னு, கார்த்திகை மழை ஓஞ்சு மண்ணு ஈரமா இருக்கறப்ப ஏக்கருக்கு 400 கிலோ கணக்குல டோலமைட் தூவினோம், அதுல சுண்ணாம்போட மெக்னீசியமும் இருக்கு. அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் யூரியா பக்கமே போகல, ரெண்டும் சேந்தா தழைச்சத்து ஆவியாப் போயிடும். பொட்டாஷ பாதியாக் கொறச்சோம். இந்த வருஷம் புரட்டாசி வந்துடுச்சு, இதுவரைக்கும் அடி இலை பச்சையாதான் இருக்கு.

இப்ப உன் செடிக்கு வரேன். போட்டோவுல அடி இலையெல்லாம் நல்ல கரும்பச்சை. மஞ்சளாகியிருக்கறது நுனியில புதுசா வந்த நாலு இலைதான், அதுலயும் பெரிய நரம்பு மட்டும் இல்ல, சின்னச் சின்ன நரம்பு கூட வல மாதிரி பச்சையாத் தெரியுது, கடைசி இலை கிட்டத்தட்ட வெள்ளையாவே இருக்கு. இது இரும்புச்சத்து கலா. மெக்னீசியம் மாதிரி இரும்பு நகராது, ஒரு தடவ பழைய இலையில போயி ஒக்காந்துடுச்சுன்னா செடியால அதத் திருப்பி எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்க முடியாது. அதனால வரத்து நின்ன அன்னிலருந்து பொறக்கற இலைதான் மஞ்சளாப் பொறக்கும்.

ஆனா கோத்தகிரி மண்ணுல இரும்புக்கா பஞ்சம்? அங்க மண்ணே செவசெவன்னு கெடக்கு. பஞ்சம் இல்ல, பூட்டிக் கெடக்கு. நீயே எழுதியிருக்க, சித்திரையில புதுசா காம்பவுண்டு சுவர் கட்டினோம், செடி அதுக்குப் பக்கத்துல, போன வருஷம் வரைக்கும் நீலமாப் பூத்தது இப்ப ரோஸாப் பூக்குதுன்னு. எனக்கு எல்லாம் புரிஞ்சது அந்த ரோஸ்லதான். ஹைட்ரேஞ்சியா புளிப்பு மண்ணுல நீலமாப் பூக்கும், மண்ணுல இருக்கற அலுமினியம் அப்பதான் கரைஞ்சு பூவுக்குப் போகும். சுண்ணாம்பு ஏறினா ரோஸ். கொத்தனாருங்க கலவை கொட்டின இடத்துல சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணுல எறங்கி பிஎச் ஏறிடுச்சு, அலுமினியத்தோட சேந்து இரும்பும் கரையாம நின்னு போச்சு. எப்சம் சால்ட் இதுக்கு ஒண்ணும் பண்ணாது, எங்கிட்ட கேட்டு டோலமைட் போட்டிருந்தன்னா இன்னும் மோசமாயிருக்கும்.

மொதல்ல செடியச் சுத்தி ஒரு அடி அகலத்துக்குத் தோண்டிப் பாரு, சிமெண்டுக் கட்டி, ஜல்லி, வெள்ளையா எது கெடச்சாலும் எடுத்து வெளிய போடு, அந்தக் குழிய தோட்டத்துல வேற பக்கத்து மண்ணும் மக்கின இலையும் போட்டு மூடு. வேர அறுத்துடாத, அதுக்கு வேர் மேலாலதான் ஓடும். தண்ணி தேங்குதான்னும் பாத்துக்க, வேர் மூச்சுத் திணறினாலும் இதே மஞ்ச வரும்.

மண்ணு மாற நாளாகும், அது வரைக்கும் இரும்பு உப்பான அன்னபேதியத் தெளி. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் அன்னபேதி, மொதல்ல 1 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சுட்டு அப்புறம் அதப் போடு. கரைசல் தெளிவா லேசான பச்சையா இருக்கணும், துருத் தண்ணி மாதிரி பழுப்பாயிடுச்சுன்னா இரும்பு கெட்டுப் போச்சு, கொட்டிட்டு புதுசாக் கரை. சாயங்காலம் வெயில் எறங்கினப்புறம் அடி, புதுச் சுவர் மேல பட்டா கறை போகாது, ஒரு சாக்க மாட்டி மறைச்சுக்க. பத்து நாளைக்கு ஒரு தடவன்னு மூணு தடவ போதும்.

நான் சொல்றது சரியாங்கறத நீயே பாத்துக்கலாம். மொதத் தடவ ஒரே ஒரு கிளைக்கு மட்டும் அடி, நல்லா நனைக்காம தூவலா அடி. இரும்புதான்னா ஒரு வாரத்துல, துளி விழுந்த எடமெல்லாம் புள்ளி புள்ளியாப் பச்சை ஏறும், விழாத எடம் மஞ்சளாவே நிக்கும், ஏன்னா அந்த இரும்பு பக்கத்து எடத்துக்குக் கூட நகராது. புள்ளி தெரியலன்னா மேற்கொண்டு அடிக்காத, எனக்கு எழுது.

அந்தக் கிளைய அடுத்த வாரம் போட்டோ எடுத்து அனுப்பு, இலையோட பின்பக்கமும் சேத்து. சுவரோரம் வேற என்ன வச்சிருக்கன்னும் சொல்லு. உங்க அப்பா வச்ச அந்தக் கமீலியா அங்கதான இருக்கு? அதுக்கும் சுண்ணாம்பு ஆகாது, அதோட கொழுந்தையும் ஒரு எட்டு போயிப் பாத்துடு.

அன்புடன்,
சாந்தி