தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ரசீதுகள் ஏன் தாமதமாயின: எங்கள் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, எங்கள் சேவை வழியாகப் போகும் ஆர்டர் ரசீதுகள் விட்டு விட்டு வந்தது பற்றி உங்களில் பலர் போன் செய்து கேட்டீர்கள். வேறு சிலர் வாட்ஸ்அப் குழுக்களில் எழுதியிருக்கிறீர்கள். “காசு மிச்சம் பிடிக்க, கூட்ட நேரத்திலேயே சர்வரைக் குறைத்துவிட்டார்கள்” என்ற பேச்சு தேக்காவில் ஆரம்பித்து ஜூரோங் வரை போயிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்வதைவிட, நடந்ததை முழுவதுமாக எழுதிவிடுவதே சரி என்று தோன்றியது. முதலில், அன்று மாலை கடையில் வாடிக்கையாளரை நிற்க வைத்துக்கொண்டு தவித்த எல்லோரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். கல்லாவில் நிற்பவருக்கு இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் கடையில் ஒரு ஆர்டர் பதிவானதும் அது எங்களிடம் ஒரு வரிசையில் போய் நிற்கிறது. வொர்க்கர் என்று நாங்கள் சொல்லும் நிரல்கள் அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சரக்குக் கணக்கில் கழித்து, ரசீது தயாரித்து, வாங்கியவருக்குச் செய்தி அனுப்பி, டெலிவரி நிறுவனத்துக்குத் தகவல் கொடுக்கின்றன. ஒரு ஆர்டருக்குச் சுமார் 12 விநாடி ஆகும். அப்படியென்றால் ஒரு வொர்க்கர் நிமிடத்துக்கு 5 ஆர்டர் முடிக்கும். சாதாரண நாளில் 4 வொர்க்கர்கள், நிமிடத்துக்கு 20 ஆர்டர். அது தாராளம். வரிசை நீண்டால் புது வொர்க்கர்கள் தாமாகச் சேரும், வரிசை குறைந்தால் தாமாக விலகும். காத்திருக்கும் ஒவ்வொரு 5 ஆர்டருக்கும் ஒரு வொர்க்கர் என்பது கணக்கு. யாரும் உட்கார்ந்து கூட்டுவதும் குறைப்பதும் இல்லை.

கேம்பல் லேனில் சேலைக்கடை வைத்திருக்கும் நம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அண்ணே, ஏழு மணிக்கு நின்னுச்சு, ஏழு அஞ்சுக்கெல்லாம் சரியாயிடுச்சு. ஏழு பத்துக்கு மேல திரும்பவும் நின்னுச்சு. யாரோ போய் ஆஃப் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கு.” அவர் குறித்துவைத்திருந்த நேரங்கள் எங்கள் பதிவேட்டோடு அப்படியே ஒத்துப்போகின்றன. காரணமும் அந்த நேரங்களுக்குள்தான் இருக்கிறது.

ஏழு மணிக்கு எல்லாக் கடைகளிலுமாகச் சேர்ந்து ஆர்டர் நிமிடத்துக்கு 60 ஆனது. 4 வொர்க்கர்கள் 20 முடித்தால், நிமிடத்துக்கு 40 தேங்கும். வரிசை நீண்டதை அளவுமானி கவனித்து, புது இயந்திரம் கேட்டு, அது எழுந்து, நிரல் ஏறி, முதல் ஆர்டரைக் கையில் எடுக்க ஏறக்குறைய 3 நிமிடம் ஆகிறது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்தக் காத்திருப்பு சுத்தமாக இல்லாமல் போகாது. அந்த 3 நிமிடத்தில் 120 ஆர்டர் தேங்கியது. 120-ஐ 5-ஆல் வகுத்தால் 24. அத்தனை வொர்க்கர்களும் வந்து சேர்ந்ததும் நிமிடத்துக்கு 120 முடிக்க முடிந்தது. புதிதாக வரும் 60 போக, பழைய தேக்கத்தில் 60 கரைந்தது. இரண்டே நிமிடத்தில், அதாவது 7:05-க்கு, வரிசை காலி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 60 வருகிறது என்பதற்காக 12 வொர்க்கர்களை மட்டும் வைத்திருந்தால், வருவதும் போவதும் சமமாகி, அந்த 120 தேக்கம் இரவு முழுவதும் அப்படியே நின்றிருக்கும். எல்லோருக்கும் இரண்டு நிமிடத் தாமதம், கடைசிவரை. தேக்கத்தைக் கரைக்க, வரவுக்கு மேல் உபரி சக்தி வேண்டும். அன்று அதை நாங்கள் கொடுத்தோம். மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் 24 வரை போக விடமாட்டார்கள்.

சரி, அப்புறம் ஏன் திரும்பவும் நின்றது? வரிசை காலியானது, ஆனால் கூட்டம் கலையவில்லை. மளிகைக்கடையில் எல்லாக் கல்லாவையும் திறந்துவிட்டால் எந்தக் கல்லாவிலும் வரிசை இருக்காது. ஆள் நிற்கவில்லையே என்று பார்த்து மூன்றைத் தவிர மற்றதை மூடினால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. வரிசையின் நீளத்தை மட்டும் பார்த்தால், ஓய்ந்துபோன கடையும் மும்முரமாக ஓடுகிற கடையும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் காத்திருப்பவர் பூஜ்யம்.

நாங்கள் பயன்படுத்தும் குபர்நெட்டிஸ் என்ற அமைப்பில், வொர்க்கரைக் குறைப்பதற்கு முன் 300 விநாடி பொறுத்துப் பார்க்கும் வழக்கம் இயல்பாகவே இருக்கிறது. உலகம் முழுவதும் இப்படித்தான் கொடுக்கிறார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் எப்போதாவது அதிக வொர்க்கர் தேவைப்பட்டிருந்தால் அந்த எண்ணிக்கையையே வைத்திருக்கும். 7:10 அளவில் அந்த ஐந்து நிமிடம் முடிந்தது. அதற்குள் பார்த்ததெல்லாம் காலி வரிசை என்பதால் 24 திரும்ப 4 ஆனது. நிமிடத்துக்கு 60 வந்துகொண்டேதான் இருந்தது. 7:13-க்கு மறுபடி 120 தேக்கம், மறுபடி 24 வொர்க்கர். பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்றாக இப்படியே ஓடி, ஒன்பது மணிக்குக் கூட்டம் தணிந்த பிறகுதான் அடங்கியது.

“காசுக்காகக் குறைத்தார்கள்” என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை காட்டுங்கள். 7:10-க்குக் குறைத்து 7:13-க்குத் திரும்ப ஏற்றுவதில் எங்களுக்கு மிச்சமானது சில நிமிட வாடகை. சில காசுதான். அதற்காகத் தீபாவளிச் சனிக்கிழமையில் உங்கள் பெயரைக் கெடுக்க எந்தத் தொழில்காரருக்காவது மனம் வருமா? குறைப்பதில் உண்மையாக மிச்சமாவது விடியற்காலை இரண்டு மணிக்கு, நீங்கள் எல்லோரும் தூங்கும்போது. 24 வொர்க்கர்களை இரவும் பகலும் வைத்திருந்தால் 4-ஐ வைப்பதைப்போல ஆறு மடங்கு செலவு. அதை உங்கள் கட்டணத்தில்தான் ஏற்ற வேண்டிவரும். இத்தனை வருடமாக ஏற்றாமல் இருக்க முடிந்ததே இந்தக் குறைப்பினால்தான். இதை நினைத்தால்தான் அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது.

சிலருடைய வாடிக்கையாளர்களுக்கு ஒரே ரசீது இரண்டு முறை போயிருக்கிறது. பணம் இரண்டு முறை பிடிக்கப்படவில்லை. செய்தி மட்டும்தான் இரண்டு. வொர்க்கரை நிறுத்தும்போது, கையிலுள்ள வேலையை முடிக்க அமைப்பு அதற்கு 30 விநாடி கொடுக்கும். நம் வேலை 12 விநாடி என்பதால் எப்போதும் அது போதும். அன்று டெலிவரி நிறுவனத்திலிருந்து பதில் வரவே சில சமயம் 40 விநாடி ஆனது. அப்படி நடுவில் நிறுத்தப்பட்ட ஆர்டரை, முடியாத வேலை என்று எண்ணி வரிசை வேறொரு வொர்க்கரிடம் கொடுத்துவிடும். ஆர்டர் தொலையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் முதல் வொர்க்கர் செய்தியை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இரண்டாவதும் அனுப்பும். இப்போது 120 விநாடி கொடுத்திருக்கிறோம். அனுப்புவதற்கு முன் அந்த ஆர்டர் எண்ணுக்குச் செய்தி போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பும்.

பெரிய மாற்றம், குறைக்கும் விதத்தில். வரிசை காலியா என்பதோடு, நிமிடத்துக்கு எத்தனை ஆர்டர் வருகிறது என்பதையும் இனி பார்க்கிறோம். நிமிடத்துக்கு 60 வந்துகொண்டிருக்கும்வரை, வரிசையில் ஒருவரும் இல்லாவிட்டாலும் 14-க்குக் கீழே இறங்காது. வெள்ளி, சனி, ஞாயிறு மாலை 5 மணியிலிருந்து 10 மணிவரை, கூட்டம் வருவதற்கு முன்பே 14 வொர்க்கர்கள் தயாராக நிற்கும். ஏழு மணிக்கு அந்த மூன்று நிமிடக் காத்திருப்பே வராது. அதையும் மீறி ஏறினால், இறங்குவது மெதுவாக நடக்கும். உங்கள் வீட்டில் கணினி படித்த பிள்ளைகள் கேட்டால் இதைக் காட்டுங்கள்:

```yaml
behavior:
  scaleDown:
    stabilizationWindowSeconds: 900
    policies:
    - type: Pods
      value: 2
      periodSeconds: 60
```

கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து, அப்புறம் நிமிடத்துக்கு இரண்டு இரண்டாகத்தான் குறைக்கும் என்று பொருள். கூட்டம் தொடர்ந்தால், ஒரேயடியாக 4-க்கு விழுவதற்குப் பதில் நடுவிலேயே பிடிபட்டுவிடும்.

சரியாகிறதா என்று பார்க்க நாங்கள் இப்போது வரிசையின் நீளத்தைவிட, வரிசையில் முதலில் நிற்கும் ஆர்டர் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதையே அதிகம் கவனிக்கிறோம். 50 ஆர்டர் நின்றாலும் 24 வொர்க்கர்கள் இருந்தால் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்துவிடும். 4 வொர்க்கர்கள் என்றால் அதே 50 இரண்டரை நிமிடம். கல்லாவில் நிற்பவருக்குத் தெரிவது காத்திருக்கும் நேரம்தான். முதல் ஆர்டர் 30 விநாடியைத் தாண்டினால் எங்கள் போன் ஒலிக்கும். மாற்றத்துக்குப் பிறகு வந்த வார இறுதிகளில் ஒலிக்கவில்லை. ஆனால் அவை தீபாவளிக் கூட்டம் இல்லை. பொங்கல் வாரம்தான் உண்மையான சோதனை. 24-க்கு மேலும் போவதில்லை, ஏனென்றால் செய்தி அனுப்பும் நிறுவனம் ஒரு விநாடிக்கு இத்தனைதான் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் மறுத்துவிடும். வொர்க்கர்கள் திரும்பத் திரும்ப முயன்று தாமதம்தான் கூடும்.

கட்டணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: அடுத்த மாதத்திலிருந்து மாதக் கட்டணம், ஜிஎஸ்டி தவிர்த்து, 65 வெள்ளியிலிருந்து 74 வெள்ளியாக உயரும்.

அன்று மாலை கோபத்தில் இருந்தும், நேரத்தைக் குறித்துவைத்து, திரையைப் படம் எடுத்து அனுப்பிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தத் தகவல் இல்லையென்றால் பத்து நிமிடச் சுற்றைக் கண்டுபிடிக்க இன்னும் நாளாகியிருக்கும். தங்கள் கடை சிறிய பலகாரக் கடையாக இருந்த காலத்திலிருந்து எங்களோடு இருப்பவர்கள், “பரவாயில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். அது அந்த வாரம் எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் கடையில் திடீர்த் தள்ளுபடி, நேரலை விற்பனை ஏதாவது வைத்திருந்தால், முதல் நாளே ஒரு செய்தி அனுப்புங்கள். எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும், அதற்குப் பத்து நிமிடம் முன்பே வொர்க்கர்களை ஏற்றி வைத்துவிடுவோம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. இரட்டை ரசீது போன வாடிக்கையாளர் யாராவது கேட்டால், ஆர்டர் எண்ணை எங்களுக்கு அனுப்புங்கள். பணம் ஒருமுறைதான் பிடிக்கப்பட்டது என்பதற்கான பதிவை அன்றே தருகிறோம்.

அன்புடன்,
உரிமையாளர்