செக்கு வாங்குவதற்கு முன்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள மல்லிகா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

தீபாவளிக்குள் வேலையை விட்டுவிட்டு, சேமிப்பை எடுத்து மரச்செக்கு வாங்கி, ராணிப்பேட்டையில் கடை போடப் போவதாக நீ எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. விடுதிக் கணக்கு நோட்டு உன் கையில் இருந்த மாதங்களில் மட்டும்தான் சரோஜா அக்காவிடம் பணம் மிஞ்சும். அந்த மல்லிகா, கணக்கே போடாமல் இந்த முடிவுக்கு எப்படி வந்தாள்? தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அலுவலக வேலையோடு சேர்த்து நான் கடலை எண்ணெய் விற்று வருவதால், செக்கு வாங்குவதை மட்டும் இப்போது செய்யாதே என்று உறுதியாகச் சொல்கிறேன்.

என்னிடம் செக்கு கிடையாது. அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிகளிடம் நிலக்கடலைப் பருப்பை வாங்கிக் காயவைத்து, கணியம்பாடி சாலையில் இருக்கும் ஒரு செக்கில் கூலிக்கு ஆட்டி, வீட்டில் தெளியவைத்துப் புட்டியில் அடைத்து விற்கிறேன். சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையும் இதற்குப் போதும். ஒரு தடவை செக்கில் போட்டு ஆட்டும் அளவான ஓர் ஈட்டின் கணக்கை அப்படியே தருகிறேன். விலைகள் நான் கொடுத்தவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு நீ மாற்றிக்கொள்.

20 கிலோ பருப்பு, கிலோ 125 ரூபாய் வீதம் 2,500 ரூபாய். ஆட்டுகூலி கிலோவுக்கு 12 ரூபாய் வீதம் 240. புட்டிகளுக்கு 108, வண்டிச் செலவு 100. ஆக மொத்தம் 2,948 ரூபாய். இதில் கிடைக்கும் எண்ணெய், வண்டல் போக, 9 லிட்டர். 11 கிலோ பிண்ணாக்கு கிலோ 40 ரூபாய்க்கு மாட்டுக்காரர்களிடம் போய்விடுவதால் 440 ரூபாய் திரும்பி வருகிறது. எனவே ஒரு லிட்டரின் அடக்கவிலை ஏறத்தாழ 279 ரூபாய். 320 ரூபாய்க்கு விற்றால் ஓர் ஈட்டில் 372 ரூபாய் நிற்கும். கல் பொறுக்குவது, காயவைப்பது, செக்குக்குப் போய் வருவது, வடிகட்டுவது எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேர வேலை. இரண்டு மூன்று ஈடுகளைச் சேர்த்து ஆட்டும்போது அந்த நேரம் குறைகிறது. ஆனால் பருப்பு விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் 372 ரூபாயில் 200 போய்விடுகிறது என்பதையும் பார். இந்தத் தொழிலின் லாபம் ஆட்டும் இடத்தில் இல்லை, பருப்பு வாங்கும் இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது நீ சொந்தமாகச் செக்கு வைப்பதாக எண்ணிப் பார்ப்போம். ஆட்டுகூலி 240 ரூபாய் உன்னிடமே நிற்பதால் ஓர் ஈட்டுக்கு 612 ரூபாய் மிஞ்சும். கடை வாடகை, ஓர் ஆள் சம்பளம், மின்கட்டணம், கடன் தவணை எல்லாவற்றையும் மிகக் குறைவாக மாதம் 25,000 ரூபாய் என்று வைத்தாலும், அதை ஈடுகட்டவே 41 ஈடுகள், அதாவது 369 லிட்டர் விற்றாக வேண்டும். ஒரு குடும்பம் மாதம் 3 லிட்டர் கடலை எண்ணெய் வாங்கும் என்றால், 123 குடும்பங்கள் தவறாமல் உன்னிடம் வந்தால்தான் கையைக் கடிக்காது. உன் சம்பளம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. என்னிடம் இப்போது அதில் கால் பங்குக் குடும்பங்கள்கூட இல்லை. அலுவலகத்தில் முதல் முறை எல்லாரும் வாங்குவார்கள். அது உன் முகத்துக்காக வாங்குவது. நீ நினைவூட்டாமலே மூன்றாம் மாதமும் புட்டியைத் திருப்பிக் கொடுத்து எண்ணெய் கேட்பவர்களையும், உன்னை முன்பின் அறியாதவர்களையும் தனியே குறித்து வை. செக்கு வாங்கலாமா என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்ல வேண்டும்.

நீ தொடங்க நினைக்கும் காலமும் சரியில்லை. ஆடிப் பட்டத்துக் கடலை அறுவடைக்கு வரும்போது நம் பக்கத்தில் மழையும் வந்துவிடுகிறது. ஈரம் போகாத கடலையில் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து உண்டாகும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு, காய்ச்சினாலும் எளிதில் அழியாது. சுருங்கியதும் நிறம் மாறியதும் கசப்பதுமான பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய நேரமில்லையென்றால், அந்த வாரம் ஆட்டாமலிருப்பதே நல்லது. காய்ந்த நெற்றைக் குலுக்கினால் உள்ளே கலகலக்க வேண்டும். பருப்பைக் கடித்தால் மடமடவென்று உடைய வேண்டும். தேய்த்தால் தோல் உரிந்து வர வேண்டும். ஈரப் பருப்பு பிண்ணாக்கிலேயே எண்ணெயை நிறுத்திக்கொள்ளும், எண்ணெயும் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். மார்கழிப் பட்டத்துக் கடலை பங்குனி, சித்திரையில் வரும்போது நம் வேலூர் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆட்டிய எண்ணெயை அன்றே அடைத்துவிடாதே. இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்துத் தெளிந்த மேல்பகுதியை மட்டும் துணியில் வடித்துக்கொள். அடைத்த புட்டியின் அடியில் ஒரு வாரம் கழித்து வண்டல் தெரிந்தால் அதை யாருக்கும் கொடுக்காதே; முதலில் கெடுவது அந்த வண்டல்தான்.

வேலையில் இருந்துகொண்டே செய்வதற்கு, முதலில் உன் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் படி. வேறு எந்தத் தொழிலிலும் ஈடுபடக் கூடாது என்றோ, முன் அனுமதி வேண்டும் என்றோ பெரும்பாலான கடிதங்களில் ஒரு வரி இருக்கும். அனுமதி கேட்க வேண்டுமென்றால் எழுத்திலேயே கேள். அலுவலக நேரத்திலும் அலுவலகப் பொருள்களைக் கொண்டும் இதைச் செய்வதில்லை என்பதையும் அதிலேயே எழுது. உன் கணவர் பெயரில் பதிவு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வாங்குவதும் விற்பதும் நீ என்பது உங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அரசுப் பணியில் இருக்கும் நம் விஜயாவை இதில் பங்காளியாகச் சேர்க்கவே சேர்க்காதே. அவளுக்கு நடத்தை விதிகள் தனி வணிகத்துக்கு இடம் தருவதில்லை.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்குச் செலவு மிகவும் குறைவு, இணையத்திலேயே முடித்துவிடலாம். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்பதைச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அடைத்து, பதிவெண், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய காலம், முகவரி, அளவு எல்லாம் சீட்டில் எழுதித்தான் தர வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். ஒரு லிட்டரும் ஒரு கிலோவும் ஒன்றென்று எண்ணி விலை வைத்துவிடாதே. வருமான வரிக்குச் சம்பளக்காரர்களின் எளிய படிவம் இனி உனக்குப் பொருந்தாது என்பதை உன் தணிக்கையாளரிடம் இப்போதே சொல்லிவை. பழைய வரி முறையில் நீ இருந்தால் அதையும் அவரிடம் கேள். தொழில் வருமானம் வந்த பிறகு ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ள முடியாது.

தீபாவளிக்கு வேலையை விடாதே. கார்த்திகைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. 20 கிலோ பருப்பு நான் வாங்கி வைக்கிறேன், இருவரும் சேர்ந்து ஆட்டி வரலாம். வரும்போது நியமனக் கடிதத்தின் நகலையும், உன் வீட்டு மாதச் செலவுக் கணக்கையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
தேன்மொழி